14-ஆம் கிணற்றுக்கு இரண்டு எண்கள்: என் ஆறுமாத அறிக்கை திரும்பி வந்தபோது

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் பிஎச்டி செய்கிறேன். நிலத்தடி நீர்தான் என் பாடம். தாழங்குடாவில் தொடங்கி பரங்கிப்பேட்டை வரை கடலோரமாக 32 கிணறுகள், அவற்றில் உப்பு ஏறுகிறதா, ஏறினால் எங்கிருந்து ஏறுகிறது என்பது என் கேள்வி. போன ஜனவரியில், பிஎச்டி மாணவரின் முன்னேற்றத்தை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டி முன்னால் வைத்த என் ஆறுமாத அறிக்கையை அவர்கள் ஏற்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேலை செய்யாததால் இல்லை. செய்த வேலையை, எங்கள் குழுவின் குறிப்புகளில் இருந்து எடுத்து அடுக்கிய விதத்தில்தான் தவறு. அந்தத் தவறு எனக்கு இரண்டரை மாதமும் சொந்தப் பணத்தில் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் செலவு வைத்தது. ஆறுமாத அறிக்கையை எப்படி எழுதுவது என்று அதுவரை யாரும் எனக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. முதல் முறை எழுதப் போகிறவர்கள் படிக்கட்டும் என்று நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் லேபில் ஆறு பேர். வாரம் ஒரு நாள் குழுக் கூட்டம். யாராவது ஒருவர் கூகுள் டாக்ஸில் குறிப்பு எழுதுவோம், முறை வைத்து மாறும். ஜூலை முதல் டிசம்பர் வரை 24 கூட்டக் குறிப்புகள் இருந்தன. அது போக களத்துக்கு எடுத்துப்போகும் நோட்டு, லேப் நோட்டு, எக்செல் கோப்புகள், வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்கள். கமிட்டி ஜனவரி இரண்டாம் வாரம் என்று தேதி வந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? 24 குறிப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு, ஜூலையில் ஆரம்பித்து என் பெயர் வந்த இடங்களை எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பில் ஒட்டினேன். பிறகு ஆங்கிலத்தைச் சரி செய்தேன், படங்களைச் சேர்த்தேன். 62 பக்கம் வந்தது. அவ்வளவு பக்கம் வந்ததே எனக்கு நிறைவாக இருந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கலரில் ஐந்து பிரதி, பக்கம் பத்து ரூபாய், ஸ்பைரல் பைண்டிங்கோடு 3,350 ரூபாய் ஆனது.

கமிட்டி அன்று காலை நன்றாகத்தான் போனது. நான் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தேன். வெளியில் இருந்து வந்திருந்த நிபுணர், நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. அறிக்கையைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, ஒரு நிமிஷம். 19-ஆம் பக்கம் அட்டவணையில 14-ஆம் கிணறு செப்டம்பர் ஈசி 2150. 41-ஆம் பக்கம் கிராஃப்ல அதே கிணறு 2000-க்குக் கீழ நிக்குது. எது சரி?" என்றார்.

ஈசி என்பது நீரின் மின்கடத்துத்திறன். உப்பு கூடக்கூட அதுவும் கூடும், களத்திலேயே மீட்டரை முக்கிப் பார்த்துவிடலாம். நான் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். இரண்டும் என் அறிக்கைதான், இரண்டும் நான் ஒட்டியதுதான், ஆனால் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்றேன். அவர் விடவில்லை. கோபமாகவும் பேசவில்லை. பென்சிலால் அட்டவணையில் கோடு போட்டுக் காட்டினார். "மே மாசம் 1960, செப்டம்பர் 2150. பத்து சதவீதம் கிட்ட ஏறியிருக்கு. கடல் பக்கத்துக் கிணறும் அதே அளவு ஏறியிருக்கு, உள்ள நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிணறும் அதே அளவு ஏறியிருக்கு. கடல்தண்ணி உள்ள வந்தா இப்படி எல்லா இடத்திலயும் ஒரே மாதிரியா வரும்? அதுவும் குளோரைடு பாருங்க, மே மாசம் 412, செப்டம்பர் 415. குளோரைடு ஏறாம ஈசி மட்டும் ஏறுதுன்னா அது கடல் இல்லம்மா, கருவி." ஆனால் என் அறிக்கையில் 20-ஆம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது, நான்கே மாதத்தில் உப்பு கூடியிருக்கிறது, கடல்நீர் ஊடுருவலின் அறிகுறி என்று.

அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் கைடு மேடம் தலையைக் குனிந்து என் அறிக்கையைப் புரட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. "தரவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, சரிபார்த்துத் திருத்திய அறிக்கையுடன் மீண்டும் வரவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பி வரும்போது தவளக்குப்பம் தாண்டியதும் அழ ஆரம்பித்தேன், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி எல்லாம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து வர அடுத்த தேதி மார்ச் கடைசியில்தான் கிடைத்தது. எனக்கு முந்தைய டிசம்பரோடு ஜேஆர்எஃப் உதவித்தொகையில் இரண்டு ஆண்டு முடிந்திருந்தது. கமிட்டி திருப்தி என்று எழுதினால்தான் அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப். மாதம் 37,000 என்பது 42,000 ஆகும். எனக்கு அது ஏப்ரலில் இருந்துதான் கணக்கானது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் வீதம் பதினைந்தாயிரம் போனது. பிரிண்டுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் பதினெட்டாயிரம் தாண்டுகிறது. வீட்டில் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் அப்போது கட்டி முடியவில்லை, அதனால் அந்தப் பணம் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

மறுநாள் லேபுக்குப் போய் முதலில் அந்த இரண்டு எண்களையும் தேடினேன். 2150 எங்கிருந்து வந்தது என்பது உடனே தெரிந்தது, செப்டம்பர் 18 முதல் 20 வரை நாங்கள் களத்தில் எடுத்த அளவு, என் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. அந்த வாரக் கூட்டக் குறிப்பில், "ஈசி 8 முதல் 10 சதவீதம் கூடுதல், கடல்நீர் ஊடுருவலாக இருக்கலாம்" என்ற வரியும் இருந்தது. அதைத்தான் நான் ஒட்டியிருக்கிறேன், "இருக்கலாம்" என்பது மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. 2000-க்குக் கீழே நின்ற எண்ணைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. என் குறிப்புகளில் எங்கேயும் இல்லை. கடைசியில் எங்கள் ஜூனியர் தம்பி வந்து, "அக்கா, அது அக்டோபர்ல நான் மறுபடி பாத்தது. நீங்க அப்ப லீவுல இருந்தீங்க" என்றான்.

அப்பாவின் ஆபரேஷனுக்காக நான் எட்டு நாள் லீவில் இருந்த வாரம் அது. அக்டோபர் 12-ஆம் தேதி அவன் தன் வேலைக்காக மீட்டரை எடுத்தபோது, வழக்கம்போல 1413 மைக்ரோசீமென்ஸ் இருக்க வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் முக்கிப் பார்த்திருக்கிறான். 1520 காட்டியிருக்கிறது. அதாவது ஏழரை சதவீதத்துக்கு மேல் கூடுதல். செப்டம்பர் 9-ஆம் தேதி பார்த்தபோது 1411 காட்டியதாகப் பதிவு இருக்கிறது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் நாங்கள் களத்துக்குப் போனோம். மீட்டர் எந்த நாளில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லா எண்ணையும் 1.076-ஆல் வகுத்துச் சரிசெய்துவிடலாம் என்று அவன் அவசரப்படவில்லை. மறுநாளே மீட்டரைத் திரும்ப அளவுதிருத்தம் செய்து, ஃப்ரிட்ஜில் இருந்த எங்கள் 32 பாட்டில்களையும் எடுத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மீண்டும் அளந்திருக்கிறான். ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு பாட்டில் எடுப்போம், உலோக அயனிகளுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டிருப்போம், அதில் ஈசி பார்க்கக் கூடாது. அமிலம் விடாத பாட்டிலைத்தான் எடுத்திருக்கிறான். குளிரில் வைத்த மாதிரிக்கு ஈசி பார்க்க 28 நாள் வரை அவகாசம் என்பது பொதுவான நடைமுறை, அவன் அளந்தபோது 25 நாள்தான் ஆகியிருந்தது. 14-ஆம் கிணறு 1985 வந்தது. 2150-ஐ வகுத்துப் பார்த்தால் 1998. கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, ஆகவே களத்தில் இருக்கும்போதே மீட்டர் அந்த அளவுக்கு விலகித்தான் இருந்தது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். மே மாதம் 1960, செப்டம்பர் 1985. ஒன்றேகால் சதவீதம். உப்பு ஏறவே இல்லை.

இவ்வளவு நல்ல வேலை நடந்திருக்கிறது. இது கூட்டக் குறிப்பில் எப்படிப் பதிவாகியிருந்தது என்று போய்ப் பார்த்தேன். அக்டோபர் மூன்றாம் வாரக் குறிப்பில், "லேப் பொது" என்ற தலைப்பில், பிரிண்டர் டோனருக்கும் டிஸ்டில்டு வாட்டர் கேனுக்கும் நடுவில் ஒரே வரி: "ஈசி மீட்டர் பிரச்சினை, சரி செய்யப்பட்டது." யார் செய்தது, எதைச் செய்தது, எந்த எண்கள் மாறின, ஒன்றும் இல்லை. அதில் என் பெயர் இல்லாததால் நான் எடுக்கவில்லை. கிராஃபை மட்டும் தம்பி புதிய எக்செல்லில் இருந்து போட்டுக் கொடுத்தான். அட்டவணையை நான் பழைய நோட்டில் இருந்து எடுத்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, கூட்டக் குறிப்பில் ஒரு ஊகமும் பிறகு அதை அடித்த முடிவும் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே மாதிரி புள்ளி வைத்து உட்கார்ந்திருக்கும். செப்டம்பர் ஊகத்தை அக்டோபர் வேலை பொய்யாக்கிவிட்டது என்று செப்டம்பர் பக்கத்துக்குத் தெரியாது. முன்னால் இருந்து படித்துக்கொண்டு வருகிறவர் அந்த ஊகத்தைத்தான் முதலில் சந்திப்பார், அதை நம்பிப் பத்தி எழுதிவிடுவார், பிறகு வரும் திருத்தம் சின்ன வரியாகத் தெரியும். அதனால் இரண்டாவது முறை நான் டிசம்பர் கடைசிக் குறிப்பில் ஆரம்பித்து ஜூலையை நோக்கிப் பின்னாலேயே படித்தேன். இதை மட்டும் நீங்கள் செய்தாலே போதும், பாதித் தவறு வராது. ஒரு விஷயத்தின் கடைசி நிலை முதலில் கண்ணில் படும், பிறகு பழைய வரியைப் பார்க்கும்போது "இது மாறிவிட்டதே" என்று மனம் சொல்லும்.

பின்னாலிருந்து படித்துக்கொண்டே ஓர் எக்செல் பட்டியல் போட்டேன். மேலிருந்து கீழாக ஐந்தே பத்திகள். முதலாவது தேதி. இரண்டாவது என்ன விஷயம், ஒரே வாக்கியத்தில். மூன்றாவது யார் செய்தது. நான்காவது என் ஆய்வுத் திட்டத்தின் எந்தக் குறிக்கோளுக்கு உரியது, 1, 2 அல்லது 3, எதற்கும் சேராவிட்டால் 0. ஐந்தாவது ஆதாரம் எங்கே இருக்கிறது, அதாவது எந்த நோட்டு எத்தனையாம் பக்கம், எந்தக் கோப்பு எந்தத் தாள். ஐந்தாவது பத்தியை நிரப்ப முடியாத எந்த எண்ணும் அறிக்கைக்குள் வரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். இதைச் செய்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. 214 வரிகள் வந்தன. அதில் 70-க்கும் மேல் பூஜ்யம்: பில், கருவி ரிப்பேர், ஆட்டோ வாடகை, யார் எப்போது லீவு. முதல் அறிக்கையில் இவற்றில் பலவற்றை நான் "நடந்த பணிகள்" என்று சேர்த்து வைத்திருந்தேன். 62 பக்கம் எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது பத்தி, அதாவது யார் செய்தது என்பது, எனக்குக் கொஞ்சம் வலித்தது. குழுவின் குறிப்பில் எல்லாமே "செய்யப்பட்டது", "எடுக்கப்பட்டது" என்றுதான் இருக்கும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே நடைதான் வரும், செய்தவர் யார் என்று வாக்கியத்தில் இடமே இருக்காது. கமிட்டி மதிப்பிடுவது குழுவை இல்லை, என்னை. என் முதல் அறிக்கையில் ஒரு சீனியர் அண்ணனின் மண் மாதிரி ஆய்வும், தம்பியின் மறுஅளவையும் என் வேலை போல நின்றன. நான் திருடவில்லை, ஆனால் படிக்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். தம்பியிடம் போய், "உன் வேலைய என் ரிப்போர்ட்ல உன் பேரோட போடட்டுமா?" என்று கேட்டேன். "போடுங்கக்கா, ஆனா என் கமிட்டியிலயும் நான் அதையேதானே காட்டணும்" என்றான். நியாயமான கேள்வி. இருவரும் மேடத்திடம் போய் உட்கார்ந்தோம். அளவுதிருத்தமும் மறுஅளவையும் அவனுடையது, கிணறுகளும் மாதிரியும் விளக்கமும் என்னுடையது, இருவர் அறிக்கையிலும் இதே வாக்கியம் வரட்டும் என்று மேடம் எழுதியே கொடுத்தார். குழுவில் ஒரே வேலை இரண்டு பேருக்குப் பயன்படுகிறது என்றால் இதை முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. கமிட்டியில் ஒரே உறுப்பினர் இருவருக்கும் இருப்பார், ஒரே படத்தை இரண்டு அறிக்கையில் பார்த்தால் கண்டிப்பாகக் கேட்பார்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு குறிக்கோளுக்கும் நான் செய்ததாக எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நான்காவது பத்தியில் குறிக்கோள் எண், மூன்றாவதில் பெயர். இப்படி ஒரு வரி போட்டால் போதும்:

```
=COUNTIFS(D:D,3,C:C,"நான்")
```

முதல் குறிக்கோளுக்கு 58 வந்தது. இரண்டாவதுக்கு 21. மூன்றாவதுக்கு, நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரி செய்வதாக நான் எழுதிக் கொடுத்த குறிக்கோளுக்கு, நான்கு. அந்த நான்கில் இரண்டு "மென்பொருள் நிறுவ முயற்சி". முதல் அறிக்கையில் இதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஆனால் தேதி வரிசையில் எழுதியதால் தானாகவே மறைந்துவிட்டது. 62 பக்கத்துக்குள் மூன்றாவது குறிக்கோள் அசையவில்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கே தெரியவில்லை. இரண்டாவது அறிக்கையில் குறிக்கோள் வாரியாகப் பிரித்தவுடன் அந்த இடம் வெறுமையாக நின்றது. அதை நிரப்பக் கதை எழுதாமல், "இந்த அரையாண்டில் முன்னேற்றம் இல்லை, காரணம் கிணறுகளின் ஆழத் தரவு 11 கிணறுகளுக்குக் கிடைக்கவில்லை, மார்ச்சுக்குள் அளந்து முடிக்கத் திட்டம்" என்று மூன்று வரி எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது உண்மை.

ஆழம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 23-ஆம் கிணறு பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுத் திறந்த கிணறு. செப்டம்பரில் நாங்கள் போனபோது வீட்டுக்கார அண்ணன் கான்கிரீட் மூடி போட்டு மூடியிருந்தார், குழந்தை விழுந்துவிடும் என்று. "பக்கத்துல அடிபம்பு இருக்கு, அதுல புடிச்சுக்கோங்க" என்றார். பிடித்துக்கொண்டு வந்தோம், நோட்டில் "23-க்குப் பதில் பக்கத்து பம்பு" என்று எழுதினோம், எக்செல்லில் அது வெறும் 23 ஆகிவிட்டது. திறந்த கிணறு ஆறு மீட்டர், அடிபம்பு அதைவிட நன்றாக ஆழம், இரண்டும் வேறு அடுக்கின் தண்ணீராக இருக்க வாய்ப்புண்டு. இரண்டையும் ஒரே எண்ணில் வைத்து மே, செப்டம்பர் என்று ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. அறிக்கையில் அதை 23-அ என்று தனியாகப் பிரித்து, ஒப்பீட்டில் இருந்து விலக்கி, "திட்டத்தில் இருந்து விலகியவை" என்று ஒரு பத்தி வைத்து அதில் சொன்னேன். மாதிரி இடத்தின் எண்ணை ஒரு முறை வைத்தால் மாற்றாதீர்கள், இடம் மாறினால் புது எண் கொடுங்கள். நோட்டில் எழுதும் ஒரு வரி எக்செல்லுக்குப் போகும்போது காணாமல் போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இனி வரிசை. இரண்டாவது அறிக்கையை எழுதுவதற்கு முன் மேடம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "போன கமிட்டி மினிட்ஸ் எங்க?" நான் மின்னஞ்சலில் தேடி எடுத்தேன். அதற்கு முந்தைய ஜூலைக் கமிட்டி மூன்று விஷயம் சொல்லியிருந்தது. உள்நாட்டில் ஒப்பீட்டுக்கு இரண்டு கிணறு சேர்க்கவும். குளோரைடுடன் புரோமைடும் பார்க்க முயலவும். மூன்றாவது, கருவிகளின் அளவுதிருத்தப் பதிவை இணைப்பாகத் தரவும். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பதிவை இணைக்கப் போயிருந்தால் 1520 என்ற எண் என் கண்ணில் பட்டிருக்கும். ஜனவரி அறிக்கையில் இந்த மூன்றுக்கும் நான் பதில் எழுதவே இல்லை. என் அறிக்கை ஜூலையில் நான் செய்த முதல் வேலையில் ஆரம்பித்தது, அவர்கள் கேட்டதில் ஆரம்பிக்கவில்லை.

அதனால் இப்போது முதல் பக்கத்திலேயே ஓர் அட்டவணை வைக்கிறேன். இடது பக்கம் போன கமிட்டி சொன்னது, அவர்கள் எழுதிய அதே வார்த்தைகளில். வலது பக்கம் நான் செய்தது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது. செய்யாததற்கும் வரி உண்டு. புரோமைடு எங்களால் பார்க்க முடியவில்லை, எங்கள் லேபில் அதற்கான வசதி இல்லை, வெளியில் கொடுக்கப் பணம் ஒதுக்கவில்லை, அதை அப்படியே எழுதினேன். அதற்கு அடுத்து ஒவ்வொரு குறிக்கோளும் எந்த நிலையில் நிற்கிறது என்று அரைப்பக்கம். பிறகு குறிக்கோள் வாரியாக முறை, முடிவு. பிறகு விலகல்கள். கடைசியில் அடுத்த ஆறு மாதத் திட்டம், மாதம் மாதமாக. களத் தரவும் அளவுதிருத்தப் பதிவும் இணைப்பில். எல்லாம் சேர்த்து 14 பக்கம், இணைப்பு தனியாக ஆறு பக்கம்.

14 பக்கம் குறைவாக இருக்குமோ என்று பயந்து விதியை எடுத்துப் படித்தேன். யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறை, ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு மாணவர் குழு முன் வந்து பேச வேண்டும், முன்னேற்றம் பற்றிச் சுருக்கமான அறிக்கை தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. அங்கே அதற்குப் பெயர் ஆய்வு ஆலோசனைக் குழு, பல இடங்களில் டாக்டோரல் கமிட்டி என்றே சொல்கிறோம். "சுருக்கமான" என்ற சொல்லை நான் அதுவரை கவனித்ததே இல்லை. முன்னேற்றம் திருப்தி இல்லை என்றால் குழு காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழி சொல்ல வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மாணவர் அதையும் செய்யத் தவறினால்தான் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்க முடியும். அழுதுகொண்டு வந்த அந்த நாளில் எனக்கு இது தெரிந்திருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எனக்குத் திருத்த வழி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். உங்கள் நிறுவனத்தின் சொந்த விதிகளையும் ஒரு முறை எடுத்துப் படித்துவிடுங்கள், படிவம், பக்க அளவு, எத்தனை நாள் முன்னால் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

எழுதி முடித்த பிறகு ஒரு வேலை செய்தேன், அதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது. தம்பியை எதிரில் உட்கார வைத்து, அவன் அறிக்கையில் இருந்து ஒவ்வோர் எண்ணாகச் சத்தமாகப் படிக்க, நான் ஐந்தாவது பத்தியைப் பார்த்து நோட்டைத் திறந்து அந்த எண்ணைக் காட்டினேன். 96 எண்கள். மூன்று பொருந்தவில்லை. இரண்டு தட்டச்சுப் பிழை, ஒன்று நான் பழைய எக்செல்லில் இருந்து எடுத்தது, மறுபடியும் 2150 வகையைச் சேர்ந்த ஒரு செப்டம்பர் எண். அவ்வளவு கவனமாக இருந்தும் ஒன்று உள்ளே வந்திருந்தது. அன்று இரவே பழைய எக்செல்லின் பெயரை `EC_Sep_DO_NOT_USE.xlsx` என்று மாற்றி வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அழிக்கவில்லை, களத்தில் உண்மையில் என்ன காட்டியது என்பதும் பதிவுதான்.

மார்ச் கடைசியில் அதே அறை. அதே பெரியவர் வந்திருந்தார். முதல் பக்க அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அளவுதிருத்தப் பதிவு இருந்த இணைப்பைத் திறந்து 1520-ஐப் பார்த்தார், பக்கத்தில் 1985-ஐப் பார்த்தார், "பாட்டில் எத்தனை நாள் பழசு?" என்று கேட்டார். "25 நாள் சார், அமிலம் விடாத பாட்டில்" என்றேன். அடுத்த பக்கம் போனார். மூன்றாவது குறிக்கோளுக்கு வந்தபோதுதான் நீண்ட நேரம் பேசினார். 11 கிணறுக்கு ஆழம் இல்லாமல் கணினியில் மாதிரி செய்ய முடியாது, கயிறும் குண்டும் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்துவிடுங்கள், மூடிய கிணற்றுக்கு வீட்டுக்காரரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கேட்டது என்று தனியாகக் குறிப்பிடுங்கள் என்றார். நான் மறைத்திருந்தால் இந்த யோசனை எனக்குக் கிடைத்திருக்காது. திருப்தி என்று எழுதினார்கள்.

ஏப்ரலில் இருந்து எங்கள் குழுக் கூட்டக் குறிப்பின் வடிவத்தை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் செய்தவர் பெயர், பின்னால் நோட்டுப் பக்கம். ஊகம் என்றால் வரியின் தொடக்கத்திலேயே "ஊகம்" என்று போடுவோம், பிறகு அது தவறென்று தெரிந்தால் பழைய வரிக்கே திரும்பிப் போய் எந்தத் தேதியில் மாறியது என்று எழுதுவோம். வாரம் பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது, சீனியர் அண்ணன் முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே தவறாமல் போடுகிறார். நான் என் ஐந்து பத்திப் பட்டியலை மாதக் கடைசி சனிக்கிழமை நிரப்பிவிடுகிறேன். போன சனிக்கிழமை நிரப்பும்போது மூன்றாவது குறிக்கோளில் 19 வரி இருந்தது. கடைசி வரி பரங்கிப்பேட்டை 23-ஆம் கிணறு: ஆழம் 6.2 மீட்டர், வீட்டுக்கார அண்ணன் சொன்னது, அளந்தது இல்லை.